‘மொத்தம்’ என்ற கட்டத்தை நம்பித் தொழிலில் இறங்காதீர்கள்

தொழில் ஒன்றின் ஐந்தாண்டு வரவுசெலவுக் கணிப்புத் தாளை முதன்முதலாகக் கையில் எடுப்பவரின் கண் நேராக வலது ஓரத்துக்கு ஓடும். ‘மொத்தம்’ என்ற கட்டம் அங்கேதான் இருக்கிறது. அதிலுள்ள எண் முதலீட்டைவிடப் பெரிதாக இருந்துவிட்டால் மீதித் தாளைப் படிக்கும் பொறுமை போய்விடும். தாளைத் தயாரித்துக் கொடுத்தவரும் பெரும்பாலும் அந்தக் கட்டத்தைத்தான் தடித்த எழுத்தில் போட்டிருப்பார். சிறிய தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்தக் கட்டம் எதையெல்லாம் மறைக்கிறது என்று பார்ப்போம்.

இன்று முதலீடு 1,000. அடுத்த ஐந்து ஆண்டுகளின் முடிவில் மிஞ்சுவது முறையே 100, 200, 300, 400, 500. ஆயிரமா லட்சமா, எந்த நாட்டுப் பணம் என்பது முக்கியமல்ல, கணக்கு ஒன்றுதான். மொத்தம் 1,500. போட்டதற்கு மேல் 500 வருகிறது, ஐம்பது சதவீத ஆதாயம் என்று தோன்றும்.

வெவ்வேறு ஆண்டுகளின் பணத்தை அப்படியே கூட்டுவது

இதுதான் தாய்த்தவறு. ஐந்தாம் ஆண்டின் 500-ம் முதலாம் ஆண்டின் 100-ம் ஒரே பணம் அல்ல. இன்று கையிலுள்ள 100-ஐ ஆண்டுக்கு 12 சதவீதம் தரும் வேறொரு முயற்சியில் போட முடியும் என்றால், அது அடுத்த ஆண்டு 112 ஆகும். அதற்கடுத்த ஆண்டு 125.44 ஆகும். அப்படியானால் இரண்டு ஆண்டு கழித்து வரப்போகும் 125.44, இன்றைய 100-க்குத்தான் சமம். வருங்காலத் தொகையை இப்படி வகுத்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்த பிறகே கூட்ட வேண்டும்.

| ஆண்டு | மிச்சம் | வகுக்கும் எண் | இன்றைய மதிப்பு |
|---|---|---|---|
| 1 | 100 | 1.1200 | 89.3 |
| 2 | 200 | 1.2544 | 159.4 |
| 3 | 300 | 1.4049 | 213.5 |
| 4 | 400 | 1.5735 | 254.2 |
| 5 | 500 | 1.7623 | 283.7 |

கடைசிப் பத்தியைக் கூட்டினால் 1,000. போட்டதும் 1,000. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்து வரும் நிகரத் தற்போதைய மதிப்பு ஏறக்குறைய சுழியம். ஐம்பது சதவீத ஆதாயம் என்று எண்ணிய 500 முழுவதும், பணம் காத்திருந்ததற்கான கூலியாகவே போய்விட்டது.

சுழியம் என்றதும் நஷ்டம் என்று பதறுவதும் தவறுதான். போட்ட பணம் திரும்பி வந்து, ஆண்டுக்குச் சரியாக 12 சதவீதமும் கிடைத்திருக்கிறது என்பதே இதன் பொருள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: தொழிலை நடத்தும் உங்களுக்கான சம்பளம் இந்தத் தாளின் செலவில் சேர்ந்திருக்கிறதா? முதல்முறை தொழில் தொடங்குவோரின் தாளில் பெரும்பாலும் இருக்காது. ஆண்டுக்கு 60 என்று வைத்தால்கூட, ஐந்தாண்டுச் சம்பளத்தின் இன்றைய மதிப்பு 216 வருகிறது. அதைக் கழித்தால் சுழியம், −216 ஆகிவிடும். வேறு இடத்தில் உழைத்துச் சம்பாதித்திருக்கக்கூடிய பணத்தை இந்தத் தொழிலுக்குத் தானமாகக் கொடுத்திருப்பீர்கள்.

வரிசையின் வலிமையையும் பாருங்கள். அதே ஐந்து எண்களைத் தலைகீழாக்கி 500, 400, 300, 200, 100 என்று வரவைத்தால் மொத்தம் மாறாது. இன்றைய மதிப்போ 1,163 ஆகிறது. அதாவது முதலீடு போக 163 மிச்சம். மாறாக, முதல் தாளின் எல்லா வரவும் ஓர் ஆண்டு தள்ளிப்போனால், உரிமம் தாமதம், இயந்திரம் தாமதம் என எதனால் தள்ளிப்போனாலும், இன்றைய மதிப்பு 893-க்கு இறங்கிவிடும். அந்த ஓராண்டில் கட்ட வேண்டிய வாடகையையும் சம்பளத்தையும் இன்னும் கணக்கில் எடுக்கவே இல்லை. ‘மொத்தம்’ என்ற கட்டத்தில் இதில் எதுவும் தெரியாது.

லாப வரியை ரொக்க வரவாகப் படிப்பது

மேலே ‘மிச்சம்’ என்று எழுதினேன். உங்கள் தாளில் அந்த வரியின் பெயர் என்ன என்று பாருங்கள். ‘நிகர லாபம்’ என்று இருந்தால், நாம் இதுவரை போட்ட கணக்கே ஆட்டம் காணும். காலத்தைக் கொண்டு வகுக்க வேண்டியது பணம் கைக்கு வரும் நாளிலிருந்து. பில் போட்ட நாளிலிருந்து அல்ல.

எண்களை வைத்தே பார்ப்போம். ஐந்து ஆண்டுகளின் விற்பனை 400, 600, 800, 1,000, 1,200. செலவு போக லாபம் அதே 100 முதல் 500 வரை. வாடிக்கையாளர்கள் 90 நாள் கடனில் வாங்குகிறார்கள். விற்பனை ஆண்டு முழுவதும் சீராக நடக்கிறது. செலவை மட்டும் நீங்கள் உடனுக்குடன் ரொக்கமாகக் கொடுக்கிறீர்கள். அப்போது ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் விற்பனையில் கால் பங்கு இன்னும் வசூலாகாமல் வெளியே நிற்கும்.

முதலாம் ஆண்டில் அது 100. லாபமும் 100. ஆகக் கையில் ரொக்கம் ஒன்றுமில்லை. இரண்டாம் ஆண்டில் நிலுவை 150 ஆகிறது. பழைய 100 வசூலாகிப் புதிதாக 150 நிற்பதால், லாபத்திலிருந்து கழிய வேண்டியது கூடுதலான 50 மட்டும். ரொக்கம் 150. இப்படியே அடுத்த ஆண்டுகளில் 250, 350, 450. ஐந்தாம் ஆண்டு முடிவில் வெளியே நிற்கும் 300, அடுத்த மூன்று மாதத்தில் வந்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். கூட்டிப் பார்த்தால் மீண்டும் அதே 1,500. ஒரு காசுகூடக் குறையவில்லை. ஆனால் 12 சதவீதத்தில் இன்றைய மதிப்பு 941தான். சுழியத்தில் நின்ற திட்டம் −59-க்குப் போய்விட்டது. வாராக்கடன் ஒன்றுமில்லை, விற்பனை குறையவில்லை; பணம் தாமதமாக வந்தது, அவ்வளவே.

விற்பனை வேகமாக வளரும் தாளில் இந்தக் கசிவு இன்னும் பெரிது, ஏனென்றால் ஒவ்வோர் ஆண்டும் நிலுவை கூடிக்கொண்டே போகும். சரக்கு இருப்புக்கும் இதே கதைதான். நிலுவையும் சரக்கு இருப்பும் கூடிக் குறைவதைக் காட்டும் ‘நடைமுறை மூலதன மாற்றம்’ என்ற வரி தாளில் இல்லையென்றால், அதைச் சேர்த்துத் தரச் சொல்லிவிட்டுப் பிறகு படியுங்கள். தேய்மானம் இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்யும்: லாபத்தில் கழிந்திருக்கும், ஆனால் ரொக்கம் வெளியே போயிருக்காது. அதைத் திரும்பக் கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்டினால், புது இயந்திரம் வாங்கும் செலவை அது நடக்கும் ஆண்டில் முழுதாகக் கழிக்கவும் வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விடுவது கணிப்புத் தாள்களில் சர்வசாதாரணம்.

கடன் வட்டியையே தள்ளுபடி விகிதமாக எடுத்துக்கொள்வது

வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரப் பயன்படும் விகிதம்தான் தள்ளுபடி விகிதம். நாம் வைத்த 12 சதவீதம் எங்கிருந்து வந்தது? உதாரணத்துக்காக நான் வைத்தது. உங்கள் தாளில் பல நேரம் வங்கிக் கடனின் வட்டியைப் போட்டிருப்பார்கள். அது 8 சதவீதம் என்றால் நம் முதல் தாளின் நிகரத் தற்போதைய மதிப்பு +137. அதே தாள் 15 சதவீதத்தில் −87. திட்டம் மாறவில்லை, ஒரு கட்டத்தில் உள்ள எண்தான் மாறியது.

வங்கி குறைந்த வட்டிக்குச் சம்மதிப்பதற்குக் காரணம், அதன் கையில் அடமானம் இருப்பதும், உங்களுக்கு முன்பாக அதற்குப் பணம் போய்ச் சேர்வதும்தான். வரிசையில் கடைசியாக நிற்பது உங்கள் பணம். இதே அளவு இடருள்ள வேறொரு முயற்சியில் அந்தப் பணம் எவ்வளவு ஈட்டுமோ, அதுதான் உங்களுக்கான விகிதம். அதைத் துல்லியமாக யாராலும் சொல்ல முடியாது என்பதால், ஒரே விகிதத்தில் பிடிவாதமாக நிற்பதைவிட எந்த விகிதத்தில் திட்டம் சுழியமாகிறது என்று பார்ப்பது பயன்தரும். நம் தாளுக்கு அது 12. உங்கள் மனம் கேட்கும் விகிதம் அதைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்தால் மேலே பேசலாம்.

பணவீக்கம் இங்கேதான் குட்டையைக் குழப்பும். ஐந்தாண்டுக்கும் இன்றைய விலையையே வைத்து எழுதிய தாளைப் பணவீக்கம் கலந்த 12 சதவீதத்தால் வகுத்தால், நல்ல திட்டமும் சோடையாகத் தெரியும். விலைவாசி 5 சதவீதம் ஏறும் என்றால் அந்தத் தாளுக்குரிய விகிதம் 1.12-ஐ 1.05-ஆல் வகுத்து வரும் 6.67 சதவீதம்தான். இதைவிட மோசமானது, விற்பனை விலையை மட்டும் ஆண்டுதோறும் ஏற்றிவிட்டு, சம்பளத்தையும் வாடகையையும் முதலாண்டு விலையிலேயே உறைய வைப்பது. லாப விகிதம் ஆண்டுக்காண்டு காரணமின்றி உயர்ந்துகொண்டே போனால் முதல் சந்தேகம் இதன்மீது விழட்டும்.

ஐந்தாண்டுக்கு அப்பால் உள்ள ஒற்றை எண்

சில தாள்களின் கடைசியில் ‘இறுதி மதிப்பு’ என்று ஒரு பெரிய தொகை உட்கார்ந்திருக்கும். ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகும் தொழில் தொடர்ந்து நடக்கும் என்ற அனுமானத்தின் விலை அது. ஐந்தாம் ஆண்டின் 500, அதன் பின் ஆண்டுக்கு 4 சதவீதம் வளரும் என்று வைத்தால், ஆறாம் ஆண்டின் 520-ஐ 12-க்கும் 4-க்கும் உள்ள வித்தியாசமான 8 சதவீதத்தால் வகுக்கிறார்கள்: 6,500. இது ஐந்தாம் ஆண்டு முடிவில் உள்ள மதிப்பு. இன்றைக்குக் கொண்டுவந்தால் 3,688.

வளர்ச்சியை 4-க்குப் பதில் 6 என்று மாற்றிப் பாருங்கள். இன்றைய மதிப்பு 5,012 ஆகிவிடும். இரண்டு சதவீதப் புள்ளி மாற்றத்தில் கூடியது 1,324. ஐந்தாண்டு வரவு முழுவதன் இன்றைய மதிப்பைவிட அதிகம். நீங்கள் மாதக்கணக்கில் யோசித்து எழுதிய வரிகளையெல்லாம், யாரோ ஒரு நொடியில் தட்டிய ஓர் எண் விழுங்கிவிடுகிறது. அந்த வளர்ச்சி முடிவே இல்லாமல் தொடர வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். நாட்டின் பொருளாதாரத்தைவிட வேகமாக என்றென்றும் வளரும் தொழில் ஒருநாள் அந்தப் பொருளாதாரத்தையே தாண்டியாக வேண்டும், அது நடக்காது. ஆகவே இறுதி மதிப்பை நீக்கிவிட்டு ஒருமுறை, சேர்த்து ஒருமுறை என்று தாளை இருமுறை படியுங்கள். நீக்கினால் திட்டம் நிற்கவில்லை என்றால், நீங்கள் நம்புவது ஐந்தாண்டுக் கணிப்பை அல்ல, ஆறாம் ஆண்டுக்குப் பிந்தையதை.

எக்செல் செய்யும் சின்னக் குளறுபடி

எண்கள் சரியாக இருந்தும் விடை தவறுவது இங்கே. நிகரத் தற்போதைய மதிப்பைக் கணக்கிடும் எக்செலின் `NPV` சார்பு, கொடுக்கும் முதல் எண்ணே ஓர் ஆண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். இன்றைய முதலீட்டையும் அதற்குள் சேர்த்துவிட்டால் எல்லாத் தொகையும் தேவையின்றி இன்னோர் ஆண்டு தள்ளப்படும். `B5` கட்டத்தில் −1000 என முதலீடும், அடுத்த கட்டங்களில் வரவுகளும் இருந்தால் எழுத வேண்டியது இதுதான்:

```
=NPV(12%, C5:G5) + B5
```

`B5:G5` என்று மொத்தமாகக் கொடுத்தால், தலைகீழ் வரிசையில் 163 வந்த திட்டம் 145 என்று காட்டும். தாள் மாதவாரியாக இருந்தால், 12-ஐப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 1 சதவீதம் என்று போடுவதும் பிழை. அது ஆண்டுக்கு 12.68 சதவீதமாகிவிடும். சரியான மாத விகிதம் 0.949 சதவீதம்:

```
=(1+12%)^(1/12)-1
```