ஏர்ஃபைபர் போடுவதற்கு முன்: சிறு ஊர்களில் பலரும் செய்யும் தவறுகள்

தாலுகா தலைநகரங்களிலும் அவற்றை ஒட்டிப் புதிதாக முளைக்கும் நகர்களிலும் பிராட்பேண்ட் என்றால் இன்னும் கேபிள்காரர் கொண்டுவரும் கம்பிதான். மின்கம்பம் தாண்டி மின்கம்பமாகத் தொங்கிவரும் அந்தக் கம்பி, லாரி உரசினாலும் அறுந்துபோகும், சாலையோரம் ஜேசிபி தோண்டினாலும் அறுந்துபோகும். இந்த அவஸ்தையில் இருப்பவர்களுக்கு 2023இல் ஜியோவும் ஏர்டெல்லும் கொண்டுவந்த ஏர்ஃபைபர் நல்ல வழிதான். டவரிலிருந்து வரும் 5ஜி அலையை வீட்டில் ஒரு கருவி வாங்கி வைஃபையாகக் கொடுக்கிறது, தெருவில் கம்பியே வேண்டாம். பணம் கட்டிய பிறகு வருத்தப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான சில தவறுகளால்தான் வருத்தப்படுகிறார்கள்.

முதலில், சரிசெய்யக்கூடிய கம்பியைக் கைவிடுவது. உங்கள் தெருவரை வருவது என்ன கம்பி என்று பாருங்கள். கண்ணாடி இழையான ஃபைபர் நேராக வீட்டுக்குள் வந்து ஒரு சின்னப் பெட்டியில் செருகப்பட்டிருந்தால், அதன் மேல் LOS என்ற விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். எரியாமலே வேகம் அடிக்கடி விழுந்தால், வந்து சேரும் ஒளியின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். கேபிள்காரரிடம் அதற்கான மீட்டர் இருக்கும். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 dBm வரை இருந்தால் சரி, மைனஸ் 27ஐத் தாண்டிக் கீழே போனால் எங்கோ ஒட்டு கெட்டிருக்கிறது அல்லது கம்பி மடங்கியிருக்கிறது. ஒரு ஒட்டைத் திரும்பப் போட்டால் தீரும் கோளாறு அது. அதற்காக ஏர்ஃபைபருக்கு மாறுவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன், நல்ல நிலையில் இருக்கும் ஃபைபருக்கு ஈடாக எந்த டவரும் நிற்காது. ஆனால் பல ஊர்களில் ஃபைபர் தெருமுனைப் பெட்டியோடு நின்றுவிடும். அங்கிருந்து சாதாரண லேன் ஒயரைக் கம்பத்தில் இழுத்து வீட்டுக்குக் கொடுப்பார்கள். அந்தப் பெட்டியில் இருக்கும் சுவிட்ச், தெருவில் கரண்ட் போனால் அணைந்துவிடும், உங்கள் வீட்டு இன்வெர்ட்டரால் ஒரு பயனும் இல்லை. இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் ஏர்ஃபைபர்.

அடுத்த தவறு, கையில் இருக்கும் போனில் 5ஜி முழுக்கோடு காட்டுகிறது என்று நம்பிப் பணம் கட்டுவது. கோடுகள் சொல்வது வேறு, உங்களுக்குத் தேவையான தகவல் வேறு. ஜியோ 5ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸ் அலையும் வைத்திருக்கிறது, 3300 மெகாஹெர்ட்ஸ் அலையும் வைத்திருக்கிறது. 700 அலை வெகுதூரம் வரும், சுவரைத் தாண்டி அறைக்குள்ளும் வரும். ஆனால் அதன் அகலம் 10 மெகாஹெர்ட்ஸ்தான். 3300 அலை 100 மெகாஹெர்ட்ஸ் அகலம் கொண்டது, வேகமெல்லாம் அதில்தான். அதற்குக் கான்கிரீட் என்றாலே ஆகாது. ஆகவே உங்கள் ஹாலில் போன் முழுக்கோடு காட்டும்போது அது 700 அலையைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். ஏர்டெல் 4ஜியின் மேல் 5ஜியைச் சேர்த்துக் கொடுக்கும் முறையில் தொடங்கியது. அந்த முறையில் போன் 4ஜியில் மட்டும் இருக்கும் நேரத்திலும் திரையில் 5ஜி என்று எழுதிக் காட்டக்கூடும்.

இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஆண்ட்ராய்டில் NetMonster போன்ற ஆப் போட்டால், n28 என்று காட்டினால் அது 700 அலை, n78 என்றால் 3300. ஐபோனில் `*3001#12345#*` என்று டயல் செய்தால் சோதனைத் திரை திறக்கும். இரண்டிலும் சிக்னலின் பலத்தைச் சொல்லும் RSRP என்ற எண்ணைப் பாருங்கள். அது எப்போதும் மைனஸில்தான் இருக்கும். மைனஸ் 80 என்றால் அருமை, மைனஸ் 95 வரை நிம்மதியாக ஓடும், மைனஸ் 110 வந்துவிட்டால் இணைப்பு தடுமாறும். 10 எண் குறைந்தால் வந்து சேரும் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடும், அதனால் இரண்டு மூன்று எண் வித்தியாசத்தையும் அலட்சியப்படுத்த வேண்டாம். எந்த நிறுவனத்தின் இணைப்பு வாங்கப்போகிறீர்களோ அதன் சிம் போட்ட 5ஜி போனை நண்பரிடம் கேட்டு வாங்கி, மொட்டைமாடியின் நான்கு மூலையிலும் நின்று பாருங்கள். விற்பனை செய்ய வருபவர் காட்டும் வரைபடம் உங்கள் மாடியைப் பற்றி எதுவும் சொல்லாது.

மாடிக்குப் போகச் சொன்னது, கருவியைப் பொருத்தும் இடத்தில்தான் பாதி வெற்றி இருக்கிறது என்பதால். பொருத்த வருபவருக்கு அன்றைக்கு இன்னும் சில வீடுகள் இருக்கும். ஒயர் எங்கே குறைவாக ஆகுமோ அங்கே அடித்துவிட்டுப் போவார். தெரிந்தவர் ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஊருக்கு வெளியே புதிய நகர், கீழும் மேலுமாக இரண்டு தளம், டவர் வடகிழக்கில் முக்கால் கிலோமீட்டர் தூரத்தில். கருவியைத் தென்மேற்கு மூலைக் கைப்பிடிச் சுவரில் மாட்டியிருந்தார்கள், ஹாலுக்கு ஒயர் இறக்க அது வசதியான மூலை. கருவிக்கும் டவருக்கும் நடுவில் அவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே நின்றது, அதற்கப்பால் பக்கத்து வீட்டுத் தென்னை இரண்டு. RSRP மைனஸ் 106. பகலில் ஓரளவு ஓடும், மழை பெய்தால் அடிக்கடி அறுந்துபோகும். மழையில் சிக்னல் போகத்தானே செய்யும் என்று அவரும் விட்டுவிட்டார். உண்மையில் 3300 அலையை மழைத்துளி பெரிதாக ஒன்றும் செய்யாது. நனைந்த தென்னங்கீற்றுதான் அலையைக் குடித்துவிடுகிறது. மாடிப்படி அறையின் கூரைமேல் ஆறடிக் குழாய் நட்டு, தொட்டிக்கும் கீற்றுக்கும் மேலாகக் கருவியை டவர் பக்கம் திருப்பி வைத்ததும் மைனஸ் 88க்கு வந்தது. வாங்கும் சக்தி அறுபது மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. கூடுதலாக ஆனது கொஞ்சம் ஒயரும் ஒரு குழாயும்தான்.

பொருத்தும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கருவியின் ஆப்பில் தெரியும் எண்ணைக் காட்டச் சொல்லி, நல்ல எண் வரும் இடத்தில்தான் துளை போட வேண்டும் என்று உறுதியாகச் சொல்லுங்கள். வெளியில் வைக்கும் கருவி இல்லாமல் வீட்டுக்குள் வைக்கும் கருவி மட்டும் கொடுத்தால், டவர் பக்கத்து ஜன்னலோரத்தைத் தவிர வேறு எங்கும் அது சரியாக ஓடாது. மாடிக் கருவிக்குக் கரண்ட் லேன் ஒயர் வழியாகவே மேலே போகிறது. வீட்டுக்குள் அதற்கென ஒரு தனி அடாப்டர் இருக்கும். ரவுட்டரை மட்டும் இன்வெர்ட்டரில் போட்டு அந்த அடாப்டரைச் சாதாரண பிளக்கில் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர், கரண்ட் போனால் வைஃபை இருக்கும், நெட் இருக்காது. கடையில் விற்கும் 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் வாங்குமுன் அடாப்டரின் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டைப் படியுங்கள். 48 வோல்ட் என்று இருந்தால் அது பொருந்தாது.

இப்போது வேகச் சோதனை. பொருத்திய ஆள் காலை பதினோரு மணிக்குச் சோதித்து 100 காட்டிவிட்டுப் போவார். அந்த நேரத்தில் ஊரே வேலையில் இருக்கும். டவரின் ஒரு முகத்திலிருந்து வரும் வேகத்தை அந்தத் திசையில் இருக்கும் எல்லாப் போன்களும் எல்லா ஏர்ஃபைபர் வீடுகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. ராத்திரி எட்டு மணி முதல் பத்தரை வரைதான் உங்கள் இணைப்பின் உண்மையான முகம் தெரியும். லேப்டாப்பை ரவுட்டரில் லேன் ஒயரால் இணைத்து அந்த நேரத்தில் சோதியுங்கள், வைஃபையில் சோதித்தால் குறை யாருடையது என்று தெரியாமல் போகும். அப்புறம் விண்டோஸில் இதையும் ஓட்டிப் பாருங்கள்:

```
ping -n 100 1.1.1.1
```

கடைசியில் Lost என்ற இடத்தில் ஒன்றிரண்டுக்கு மேல் இருந்தாலோ, Maximum என்பது Average ஐப்போலப் பல மடங்கு இருந்தாலோ வீடியோ காலில் குரல் துண்டு துண்டாகும். வேகம் 80 காட்டினாலும் இது நடக்கும்.

இந்தச் சோதனையையே விடியற்காலை ஐந்து மணிக்கும் செய்தால் காரணம் பிடிபட்டுவிடும். காலையில் பிரமாதம், ராத்திரி மோசம், RSRP மட்டும் இரண்டு நேரமும் ஒன்றே என்றால் டவரில் நெரிசல். நீங்கள் குழாயை எவ்வளவு உயர்த்தினாலும் அது தீராது, அடுத்த நிறுவனத்தைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு நேரமும் மோசம், RSRPயும் மோசம் என்றால் கருவியின் இடத்தை மாற்றுங்கள்.

மேலே ஏற்றும் வேகத்தையும் பார்க்கத் தவறாதீர்கள். 5ஜியில் இறக்கும் வேகத்துக்கே பெரும்பங்கு ஒதுக்குகிறார்கள். ஆன்லைனில் வகுப்பு எடுப்பவர், கல்யாண வீடியோ அனுப்பும் ஸ்டுடியோக்காரர் போன்றவர்களுக்கு முக்கியம் ஏற்றும் வேகம்தான்.

சிசிடிவி வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, ஏர்ஃபைபரில் உங்களுக்கென்று தனி ஐபி முகவரி பொதுவாகக் கிடைக்காது, பல வீடுகள் ஒரே முகவரிக்குப் பின்னால் இருக்கும். போர்ட் திறந்து வெளியூரிலிருந்து கேமரா பார்த்துவந்த பழைய ஏற்பாடு நின்றுபோகும். கேமரா நிறுவனத்தின் ஆப் வழியாகப் பார்ப்பது ஓடும். இன்னொன்று டேட்டா. மாதம் 1000 ஜிபி என்பது குடும்பத்துக்குத் தாராளம், அது தீர்ந்தால் வேகம் அடியோடு குறைந்துவிடும். ஒரு கேமரா நொடிக்கு 1 மெகாபிட் வீதம் இடைவிடாமல் கிளவுடுக்கு அனுப்பினால் நாளைக்கு 10.8 ஜிபி, மாதத்துக்கு 324. நான்கு கேமரா வைத்தால் 1000 தாண்டிவிடும். பதிவை வீட்டுப் பெட்டியின் ஹார்ட் டிஸ்க்கிலேயே வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

பணம் கட்டும்போது செய்யும் தவறு, பொருத்தும் கட்டணம் 1000 ரூபாய் மிச்சம் என்று முதல் நாளே ஒரு வருடத்துக்குக் கட்டிவிடுவது. மாதம் 599 என்று விளம்பரத்தில் வருவது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 707 ஆகும், வருடத்துக்கு எட்டாயிரத்து ஐநூறுக்கு அருகில். ராத்திரி ஒன்பது மணிக்கு டவர் எப்படி இருக்கும் என்று தெரியாமல் இவ்வளவையும் கொடுப்பதைவிட, அந்த ஆயிரத்தைக் கட்டிவிட்டுக் குறைந்த காலத் திட்டத்தில் தொடங்குவதே என் கணக்கில் லாபம். கேபிள்காரரின் இணைப்பையும் உடனே துண்டிக்க வேண்டாம், முதல் மாதம் இரண்டையும் வைத்திருங்கள். வேண்டாம் என்று முடிவானால் கருவியைத் திரும்ப எடுக்க வருபவரிடம் அதன் சீரியல் எண் குறித்த ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.