கழுத்தில் ஒட்டாத சங்கிலி: படத்தில் நகை சேர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

நாகர்கோவிலில் எங்கள் ஸ்டூடியோவுக்கு வேலை பழக வந்திருக்கும் இரண்டு பையன்கள், பதினைந்து வருடத்துக்கு முன் நான் செய்த தவறுகளை அச்சுப் பிசகாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். நகைக்கடைக்காரர் எடுத்த படத்திலிருந்து நகையைப் பிசிறில்லாமல் வெட்டுவதும் அளவு பார்த்து வைப்பதும் ஒரு வாரத்தில் கைவந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நிழலை மென்பொருளிடம் ஒப்படைப்பது

சங்கிலியை வைத்ததும் Drop Shadow-வை அழுத்திவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். அது சங்கிலியின் உருவத்தையே ஒரு பக்கம் நகர்த்திக் கறுப்பாகக் காட்டுகிறது. நெடுக ஒரே இடைவெளி, ஒரே மங்கல். கழுத்தோ தட்டையானதல்ல. காறை எலும்பின் மேல் சங்கிலி தோலை அழுத்திக் கிடக்கும். தொண்டைக் குழிக்கு மேல் சற்றுத் தூக்கி நிற்கும்.

தக்கலைப் பக்கத்துக்காரர் ஒருவர், இறந்துபோன தம் அம்மாவின் கலர் படத்தில் செயினும் ஜிமிக்கியும் போட்டுத் தரச் சொன்னார். பதினாறாம் நாளுக்கு வேண்டும். ஜன்னலோரம் எடுத்த படம். வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர, மூக்கின் நிழல் வலப்பக்கம் விழுந்திருந்தது. நான் போட்ட நிழல் இடப்பக்கம் விழுந்தது. அச்செடுத்துச் சட்டமும் போட்டபின் அவர் பார்த்தார். "தம்பி, அம்மா போட்டிருக்கிற மாதிரி இல்லை, கண்ணாடிமேல் யாரோ வைத்த மாதிரி இருக்கிறது" என்றார். அச்சும் சட்டமும் என் செலவில் போயின.

அன்றிரவு Drop Shadow-வை நீக்கிவிட்டு, சங்கிலிக்குக் கீழே இரண்டு லேயர்கள் போட்டேன், இரண்டும் அடியிலுள்ள தோலைக் கருக்கிக் காட்டும் Multiply முறையில். நிறத்தைத் தாடைக்குக் கீழிருந்த நிழலிலேயே தொட்டெடுத்தேன். தோலுக்குள் புகுந்து சிதறும் வெளிச்சம் சிவந்து வெளியேறுவதால், தோல்மீது விழும் நிழல் செம்பழுப்பாகத்தான் இருக்கும். முகம் சுமார் 1000 பிக்சல் அகலம். முதல் லேயரில், சங்கிலி தோலைத் தொடும் இடங்களில் மட்டும் 3 பிக்சல் பிரஷ்ஷால் மெல்லிய கோடு, அடர்த்தி 60%. இரண்டாவதில் வலப்பக்கமாக 12 பிக்சல் மென்மையான பிரஷ், 25%. தொண்டைக் குழியில் மட்டும் இந்த நிழலைச் சங்கிலியிலிருந்து விலக்கி இன்னும் மங்கலாக்கினேன்.

காறை எலும்பின் மேல் சங்கிலிக்கும் நிழலுக்கும் நடுவே வெளிறிய தோல் கோடாகத் தெரிந்தால், சங்கிலி இன்னும் மிதக்கிறது என்று பொருள்.

எல்லா மணியும் மின்னுவது

கடைக்காரர்கள் நகையை இருபுறமும் விளக்கு வைத்துப் படமெடுப்பார்கள். அதை இதுபோல இடப்பக்க ஜன்னல் வெளிச்சப் படத்தில் வைத்தால் வலப்பக்க மினுக்கைக் கருக்க வேண்டும். சுத்த வெள்ளை, வெளிச்சத்தைப் பார்த்திருக்கும் நான்கைந்து மணிகளில் போதும்.

தலை சாய்ந்தால் ஜிமிக்கி சாயாது

தூக்குக்குண்டு போல நேராகத் தொங்கும். அதன் நிழலைத் தாடையிலோ கழுத்திலோ தேடுங்கள், காது மடலில் அல்ல.

பாம்படக் காதில் சின்னக் கம்மல்

கேட்டாலும் நான் போடுவதில்லை. பாம்படத்தின் கனத்தில் தொங்கிப்போன மடலுக்குக் கம்மல் வைக்க, காதையே புதிதாக வரைய வேண்டும். பிறகு அது அந்தப் பாட்டியின் காதல்ல.