"சேவ் போச்சு" என்பவருக்குப் பதில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று பேர் சேர்ந்து செய்த சின்ன கேம் எங்களுடையது. ஸ்டீமில் விற்கிறோம், வரும் மின்னஞ்சல்களுக்கு முறை வைத்துப் பதில் எழுதுகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஒருவர் எழுதியிருந்தார்: "ஆடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. இப்போது திறந்தால் புது ஆட்டம்தான் வருகிறது. நான் ஆடிய 41 மணி நேரம் எங்கே?"

எங்களில் ஒருவர் உடனே, "இன்னொரு முறை திறந்து பாருங்கள்" என்று பதில் போட்டார். செய்யக்கூடாத முதல் தவறு இதுதான். இதன் விலை அவருடைய மூன்று மணி நேர ஆட்டம்.

நடந்தது இப்படி. எங்கள் கேம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக சேவ் செய்யும். ஒவ்வொரு முறையும் பழைய `save.dat`-ஐ `save.bak` என்று நகலெடுத்துவிட்டு, புதியதை அதன் மேலேயே எழுதும். எழுதி முடிப்பதற்குள் கரண்ட் போனால், ஃபைலின் அளவு சரியாக இருந்தும் உள்ளே வெறும் பூஜ்ஜியங்கள் மட்டுமே இருக்கலாம். அன்றைக்கு `save.dat` அப்படித்தான் ஆனது. ஆனால் `save.bak` நன்றாகவே இருந்திருக்கிறது. அவர் எங்கள் பேச்சைக் கேட்டு மறுபடி திறந்து சிறிது நேரம் ஆடியதும், கேம் அந்தப் பூஜ்ஜிய ஃபைலை பேக்கப்பின் மேல் நகலெடுத்து, புது ஆட்டத்தை `save.dat`-இல் எழுதிவிட்டது. அவ்வளவுதான், இரண்டும் போயின.

அதனால் முதல் பதிலின் முதல் வரி இதுவாகவே இருக்க வேண்டும்: "தயவுசெய்து கேமைத் திறக்காதீர்கள்." அடுத்து, சேவ் ஃபோல்டர் முழுவதையும் டெஸ்க்டாப்பில் நகலெடுக்கச் சொல்லுங்கள். யூனிட்டியில் செய்த கேம் என்றால் விண்டோஸில் பெரும்பாலும் இதற்குள், கேமைச் செய்த நிறுவனத்தின் பெயரில் உள்ள ஃபோல்டரில் இருக்கும்:

```
%USERPROFILE%\AppData\LocalLow
```

அந்த நகலை வாங்கிப் பாருங்கள். பூஜ்ஜிய ஃபைலைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: அதை ஜிப் செய்யுங்கள். 212 கேபி ஃபைல் ஒரு கேபிக்கும் கீழே சுருங்கினால் உள்ளே ஒன்றுமில்லை. எந்த மீட்பு மென்பொருளும் அதிலிருந்து எதையும் எடுத்துத் தராது. இதை அவரிடம் அப்படியே சொல்லிவிட வேண்டும். "முயற்சி செய்கிறோம்" என்று இரண்டு வாரம் இழுப்பதைத்தான் நான் பெரிய அவமரியாதையாக நினைக்கிறேன்.

இரண்டாவது தவறு, கிளவுட்டை மறப்பது. ஸ்டீம் வழக்கமாக, கேமிலிருந்து வெளியேறும்போதுதான் சேவ் ஃபைலைக் கிளவுட்டுக்கு அனுப்பும். கரண்ட் போனால் முறையாக வெளியேறவில்லை என்று அர்த்தம், ஆகவே கடைசியாக ஒழுங்காக மூடிய நாளின் நகல் அங்கே இருக்க வாய்ப்புண்டு. `store.steampowered.com/account/remotestorage` பக்கத்தில் உள்நுழைந்தால், கேமைத் திறக்காமலேயே அதைப் பதிவிறக்கலாம். நம்மவருக்குக் கரண்டோடு இணையமும் போயிருந்தது. அதனால்தான் புது ஆட்டம் மேலே ஏறவில்லை, சனிக்கிழமை இரவின் சேவ் அங்கே பத்திரமாக இருந்தது.

மூன்றாவது, மன்னிப்பில் "ஒருவேளை" சேர்ப்பது. "சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்" என்று எழுதினால், சிரமம் ஏற்பட்டதா என்பதிலேயே நமக்குச் சந்தேகம் என்று ஆகிறது. பழியைக் கரண்ட் மேல் போடுவதும் அப்படித்தான். கரண்ட் போவது எல்லா ஊரிலும் நடப்பது. தற்காலிக ஃபைலில் எழுதி முடித்துவிட்டு, அப்புறம் பெயர் மாற்றியிருந்தால் பழைய சேவாவது தப்பித்திருக்கும். அதைச் செய்யாதது நாங்கள். கடைசியில் அனுப்பிய பதில் இது:

"வணக்கம். உங்கள் சேவ் கெட்டதற்குக் காரணம் எங்கள் கேம் ஃபைலை எழுதும் முறை. மறுபடி திறக்கச் சொன்ன எங்கள் முதல் பதில் இருந்த பேக்கப்பையும் அழித்துவிட்டது. இரண்டுக்கும் மன்னித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவு வரை ஆடிய 38 மணி நேரம் திரும்பக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆடிய மூன்று மணி நேரம் கிடைக்காது. ஸ்டீமில் நீங்கள் பெற்ற சாதனைகள் தனியாகச் சேமிக்கப்படுவதால் அப்படியே இருக்கும். ஞாயிறு விட்ட இடத்துக்கு ஈடான சேவ் ஒன்றை நாங்கள் தயாரித்துத் தர முடியும், வேண்டுமா என்று சொல்லுங்கள்."

அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல், நாமே பொருள்களைக் குவித்து ஒரு சேவ் அனுப்பிவிடக் கூடாது. அவர் அதை வேண்டாம் என்றுதான் சொன்னார், அந்த மூன்று மணி நேரத்தையும் தானே ஆடிக்கொள்கிறாராம்.

ஃபைலைத் திரும்ப வைக்கும்போதும் ஒரு இடறல் உண்டு. முதலில் கேமின் `Properties` பகுதியில் ஸ்டீம் கிளவுட்டை அணைக்கச் சொல்லுங்கள். ஃபைலை வைத்து, திறந்து, ஆட்டம் சரியாக வருகிறதா என்று பார்த்து மூடிய பிறகு கிளவுட்டை மறுபடி போடலாம். எது வேண்டும் என்று ஸ்டீம் கேட்டால் கணினியில் உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதையும் பதிலிலேயே எழுதிவிடுங்கள்.