லைசென்ஸ் காலாவதியா? 5-ஐ 8 ஆக்காதீர்கள், புதுப்பியுங்கள்

போன டிசம்பரில் ஒரு நண்பர் தன் டிரைவிங் லைசென்ஸின் போட்டோவை வாட்ஸப்பில் அனுப்பினார். வாடகைக்குக் கார் எடுக்க அந்தப் படத்தை ஒரு செயலியில் ஏற்ற வேண்டுமாம். லைசென்ஸ் 17-08-2025 அன்றே முடிந்துவிட்டது. "அந்த 5-ல ரெண்டு கோடு போட்டா 8 ஆயிடும், கார்டைத் தொடப்போறதில்லை, படத்துலதானே?" என்று கேட்டார்.

படத்தில் மாற்றினாலும் அது போலி ஆவணம்தான். இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 335-வது பிரிவு காகிதத்தோடு மின்னணுப் பதிவையும் சேர்த்தே பேசுகிறது. ஏமாற்றும் நோக்கத்தோடு அதன் முக்கியமான பகுதியை அனுமதியின்றி மாற்றினால் பொய் ஆவணம் உருவாக்கியதாகப் பொருள். அரசு தந்த அடையாள ஆவணத்தைப் போலியாக்கினால் 337-வது பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை. அந்தப் படத்தை உண்மையானது போல ஒருவரிடம் கொடுப்பது 340-ன்படி இன்னொரு குற்றம். திருத்தியது வேறொருவராக இருந்தாலும், தெரிந்தே கொடுத்தவர் இதில் மாட்டுவார். காலாவதியான லைசென்ஸோடு வண்டி ஓட்டிப் பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 181-ன்படி 5,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சின்னத் தவறை மறைக்கப் போய்ப் பெரிய வழக்கை வாங்குவது என்பது இதுதான். (எண்ணை யாரும் பார்க்கக் கூடாது என்று படத்தில் கறுப்புக் கட்டம் போட்டு மறைப்பது வேறு விஷயம். அதில் யாரையும் ஏமாற்றவில்லை.)

சரி, மாற்றினால் யாருக்குத் தெரியும்? கணக்குத் தெரிந்த எவருக்கும் தெரியும். லைசென்ஸில் உள்ள முடிவுத் தேதி பிறந்த தேதியிலிருந்தும் வழங்கிய தேதியிலிருந்தும் வருவது. நண்பர் பிறந்தது 12-06-1980, கார்டு வழங்கியது 18-08-2005. அன்றைய விதிப்படி சொந்த வண்டிக்கான லைசென்ஸ் 20 ஆண்டு அல்லது 50 வயது, இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுவரை செல்லும். 20 ஆண்டு என்றால் 17-08-2025. 50 வயது ஆவது 2030 ஜூனில். அவர் நினைத்த 17-08-2028 இரண்டிலும் சேராத 23 ஆண்டுக் கணக்கு. அப்படி ஒரு லைசென்ஸை எந்த ஆர்டிஓவும் கொடுத்திருக்க முடியாது. இந்தக் கணக்கைப் போடத் தெரியாதவர்கூட எண்ணையும் பிறந்த தேதியையும் அரசின் லைசென்ஸ் பதிவுகள் உள்ள சாரதி தளத்தில் தட்டினால் உண்மையான தேதி வந்து நிற்கும். உண்மையில் லைசென்ஸ் என்பது அந்தப் பதிவுதான், கையில் இருக்கும் கார்டு அதன் நகல் மாதிரி.

முதலில் நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

கார்டில் Validity என்ற இடத்தில் NT என்பது சொந்த வண்டிக்கு, TR என்பது வாடகை, சரக்கு வண்டிக்கு. இரண்டுக்கும் தேதி வேறாக இருக்கலாம். உங்களுக்கு வேண்டியதைப் பாருங்கள்.

முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தாலும் ஓட்டிக் காட்டும் தேர்வு கிடையாது. ஓராண்டு தாண்டிவிட்டால் மறுபடி தேர்வில் தேறியாக வேண்டும். நண்பருக்கு அந்தக் கடைசி நாள் 17-08-2026, அதனால் அவருக்கு நிறைய நேரம் இருந்தது. ஆனால் நேரம் இருக்கிறது என்பதற்காக வண்டி ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. முன்பு முடிந்த பிறகும் 30 நாள் செல்லும் என்று ஒரு சலுகை இருந்தது. 2019 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள்.

புதுப்பிப்பது எப்படி

1. sarathi.parivahan.gov.in தளத்தில் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, Apply for DL Renewal என்பதை அழுத்துங்கள். லைசென்ஸ் எண், பிறந்த தேதி, கேப்ச்சா கொடுத்து Get DL Details அழுத்தினால் உங்கள் விவரம் வரும். புத்தக வடிவில் இருந்த பழைய லைசென்ஸ் என்றால் பதிவே இல்லை என்று வரலாம். பயப்பட வேண்டாம், லைசென்ஸ் கொடுத்த ஆர்டிஓ அலுவலகத்தில் அசலைக் காட்டிக் கணினியில் ஏற்றச் சொல்ல வேண்டும். அதை இங்கிருந்து நீங்களே செய்ய முடியாது.

2. முகவரியை நிதானமாகப் படியுங்கள். தமிழ்நாட்டில் இப்போது கார்டு விரைவு அஞ்சலில்தான் வீட்டுக்கு வருகிறது. பத்து வருடம் முன்பு காலி செய்த வீட்டு முகவரி அதில் இருந்தால் கார்டு அங்கே போகும். மாறியிருந்தால் முகவரி மாற்றத்தையும் சேர்த்து விண்ணப்பியுங்கள்.

3. சேவைப் பட்டியலில் RENEWAL OF DL-ஐத் தேர்ந்தெடுங்கள். 40 வயதுக்குள் இருப்பவர், சொந்த வண்டிக்கு மட்டும் என்றால், உடல்நிலை குறித்துத் தானே உறுதி சொல்லும் படிவம் 1 போதும். அதற்கு மேல் வயதானவர்களும் டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ்காரர்களும் டாக்டரிடம் படிவம் 1ஏ வாங்க வேண்டும். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்பது அதில் உள்ள கேள்விகளில் ஒன்று. கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடு போங்கள். நண்பர் மறந்துவிட்டு, கிளினிக் வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

4. ஆவணங்களை ஏற்றி, திரையில் காட்டும் கட்டணத்தைச் செலுத்தி, விண்ணப்ப எண்ணைக் குறித்துவையுங்கள். நேரில் வரச் சொன்னால் நாளும் நேரமும் பதிவு செய்து, அசல்களோடு போங்கள்.

30 முதல் 50 வயதுக்குள் இருப்பவருக்கு இப்போது 10 ஆண்டு என்பதால், நண்பருக்கும் புதுப்பித்தால் 10 ஆண்டு கிடைக்கும். கோடு போட்டு அவர் சம்பாதிக்க நினைத்ததோ 3 வருடம்.

கார்டு தொலைந்தவர்களுக்கு

தேதி செல்லுபடியாக இருந்து கார்டு மட்டும் தொலைந்தாலோ கிழிந்தாலோ, அதே தளத்தில் ISSUE OF DUPLICATE DL-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொலைந்ததற்குத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் காணாமல் போன ஆவணத்துக்கான அறிக்கையை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். இங்கே அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று உண்டு. டூப்ளிகேட் வாங்கினால் தேதி நீளாது, பழைய முடிவுத் தேதியே புதுக் கார்டிலும் இருக்கும். தேதியும் முடிந்து கார்டும் தொலைந்திருந்தால், டூப்ளிகேட்டை மட்டும் வாங்கினால் காலாவதியான கார்டு ஒன்றுதான் கைக்கு வரும். அப்போது புதுப்பித்தலுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

புதுக் கார்டு அஞ்சலில் வரும்வரை என்ன காட்டுவது? ஒப்புதல் கிடைத்து பதிவில் புதுத் தேதி ஏறியதும், டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ லைசென்ஸை எடுத்துக் காட்டலாம், அது அசலுக்குச் சமம். கேலரியில் கிடக்கும் போட்டோ அப்படியல்ல. திருத்தாத போட்டோவாக இருந்தாலும் அல்லதான். நண்பர் கடைசியில் வாடகைச் செயலிக்கு டிஜிலாக்கர் பிரதியையே கொடுத்தார், கார்டு அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வந்தது.