உதவித்தொகைத் தகுதி விதிகளை அசமன்பாடுகளாக எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயது, குடும்ப வருமானம், மதிப்பெண் ஆகிய மூன்றையும் ஒருங்கே கேட்கும் உதவித்தொகைகளில், மத்திய சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகம் வழங்கும் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை தெளிவான எடுத்துக்காட்டு. பட்டியல் சாதியினர், சீர்மரபினர் மற்றும் நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுவழிக் கைவினைஞர் ஆகிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் வெளிநாட்டில் முதுநிலைப் பட்டமோ முனைவர் பட்டமோ படிக்க இது உதவுகிறது. விண்ணப்பதாரரின் வயது, தேர்வு செய்யப்படும் ஆண்டின் ஏப்ரல் 1 அன்று 35-க்கு மிகாமல் இருக்க வேண்டும். அனைத்து வழிகளிலிருந்தும் வரும் மொத்தக் குடும்ப வருமானம் முந்தைய நிதியாண்டில் ரூ. 8 லட்சத்துக்கு மிகக் கூடாது. தகுதித் தேர்வில் குறைந்தது 60 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். வயதை a, வருமானத்தை ரூபாயில் y, மதிப்பெண் விழுக்காட்டை m என்று கொண்டால் விதி இவ்வளவுதான்:

```
a ≤ 35
y ≤ 800000
m ≥ 60
```

பார்வைக்கு எளிமையான இந்த மூன்று வரிகளைத் தாளில் எழுதும்போதும், நூற்றுக்கணக்கான பெயர்கள் கொண்ட எக்செல் பட்டியலில் சூத்திரமாக இடும்போதும் ஒரே வகைத் தவறுகள் திரும்பத் திரும்ப நேர்கின்றன. தகுதியுள்ள ஒருவர் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுவதற்கும், தகுதியில்லாத ஒருவர் மாதக்கணக்கில் சான்றிதழ்களுக்காக அலைந்துவிட்டு நிராகரிக்கப்படுவதற்கும் அவை காரணமாவதால், அவற்றைப் பொறுமையாகப் பார்ப்பது தேவை.

முதல் தவறு வயதில் நேர்கிறது. விண்ணப்பத்தில் நாம் தருவது வயதை அன்று, பிறந்த தேதியை. வயது கூடக் கூடப் பிறந்த தேதி பின்னோக்கிச் செல்கிறது. ஆகவே வயதுக்கான அசமன்பாட்டைப் பிறந்த தேதிக்கு மாற்றும்போது குறி திரும்பிவிடும். 2025-ஆம் ஆண்டுத் தேர்வை எடுத்துக்கொண்டால், a ≤ 35 என்பது ‘பிறந்த தேதி ≥ 1 ஏப்ரல் 1990’ என்று மாற வேண்டும். எதிர்க்குறி எண்ணால் பெருக்கினால் குறி மாறும் என்று பள்ளியில் படித்த விதிதான் இங்கும் வேலை செய்கிறது: வயது என்பது குறிப்பிட்ட நாளிலிருந்து பிறந்த தேதியைக் கழித்து வருவது, கழிக்கப்படும் அளவு எதிர்க்குறியோடு நிற்கிறது. குறியை மாற்றாமல் விட்டால் 35 வயதை நிறைத்தவர்கள் மட்டும் தேறுவார்கள். பட்டியல் முழுவதும் தலைகீழாகிவிடுவதால் இந்தப் பிழை உடனே கண்ணில் பட்டுவிடும்.

எளிதில் கண்ணில் படாத தவறு எல்லைப் புள்ளியில் இருக்கிறது. ‘35-க்கு மிகாமல்’ என்றால் 35 உள்ளே இருக்கிறது, எனவே ≤. ‘35 வயதை எட்டியிருக்கக் கூடாது’ என்றால் 35 வெளியே போகிறது, எனவே <. ஒப்பிட்டுப் பார்க்க யூ.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வின் 2025-ஆம் ஆண்டு அறிவிப்பு உதவும். பொதுப் பிரிவினர் 2025 ஆகஸ்ட் 1 அன்று 32 வயதை எட்டியிருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, 1993 ஆகஸ்ட் 2-க்கு முன்பு பிறந்திருக்கக் கூடாது என்று தேதியையும் அது தருகிறது. சரியாக 1993 ஆகஸ்ட் 1-இல் பிறந்தவர் அந்த நாளில் 32-ஐ எட்டிவிடுவதால் வெளியேறுகிறார். உதவித்தொகையில் நிலைமை வேறு: 1990 ஏப்ரல் 1-இல் பிறந்தவரின் வயது 2025 ஏப்ரல் 1 அன்று சரியாக 35; மிகாமல் இருக்கிறது, ஆகவே தகுதி உண்டு. அறிவிப்பில் பிறந்த தேதி நேரடியாகத் தரப்பட்டிருந்தால் அதையே அசமன்பாடாக எழுதிவிடுவது எல்லாவற்றிலும் பாதுகாப்பானது.

எக்செலில் இதற்கு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. பிறந்த தேதி B2 கட்டத்தில் இருந்தால், பலர் இப்படி எழுதுகிறார்கள்:

```
=DATEDIF(B2,DATE(2025,4,1),"Y")<=35
```

இந்தச் சூத்திரம் முடிந்த ஆண்டுகளை மட்டும் எண்ணும். 1989 ஏப்ரல் 2-இல் பிறந்தவருக்கு 36 நிறைய ஒரு நாளே இருந்தாலும் இது 35 என்றே காட்டும், அவரும் தேறிவிடுவார். துல்லியமான வயதை எடுத்துக்கொண்டால் எல்லை 1990 ஏப்ரல் 1. முடிந்த ஆண்டுகளை எடுத்துக்கொண்டால் எல்லை 1989 ஏப்ரல் 2. ஒரே குறி, ஒரே எண், ஆனால் இடையில் ஏறத்தாழ ஓராண்டு வேறுபாடு. துல்லியமான வயதுக்கான நிபந்தனையை நிறைவு செய்பவர்கள் அனைவரும் மற்றதையும் நிறைவு செய்வார்கள் என்பதால், முன்கூட்டியே சரிபார்க்கும்போது ‘B2>=DATE(1990,4,1)’ என்ற கடுமையான வடிவத்தைப் பயன்படுத்துவதே நல்லது. அந்த இடைப்பட்ட ஓராண்டுக்குள் பிறந்தவர்கள் மட்டும் அந்த ஆண்டின் வழிகாட்டு நெறிமுறையைக் கவனமாகப் படித்து, ஐயமிருந்தால் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மதிப்பெண்ணில் எல்லைத் தவறு முழுமையாக்குவதால் வருகிறது. மொத்தம் 1500-க்கு 899 பெற்ற ஒருவரின் விழுக்காடு 59.93. கட்டத்தில் தசமமே காட்டாதபடி அமைத்திருந்தால் திரையில் 60 என்று தெரியும், அவரும் மகிழ்ச்சியோடு விண்ணப்பத்தில் 60 என்று எழுதிவிடுவார். வகுப்பதைத் தவிர்த்துப் பெருக்கலாக எழுதினால் இந்தத் தொல்லை இல்லை: 100 × பெற்ற மதிப்பெண் ≥ 60 × மொத்த மதிப்பெண். இங்கே இடப்பக்கம் 89,900, வலப்பக்கம் 90,000. நிபந்தனை நிறைவேறவில்லை என்பது முழு எண்களிலேயே தெரிந்துவிடுகிறது.

வருமானத்தில் நேரும் பிழை வேறு வகையானது. y என்பது ஒரு தனி எண் அன்று, ஒரு கூட்டுத்தொகை. தந்தையின் வருமானம் ரூ. 4,20,000, தாயின் வருமானம் ரூ. 2,60,000, விண்ணப்பதாரர் ஒரு கல்லூரியில் தற்காலிகப் பணியில் பெற்றது ரூ. 1,50,000 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 8 லட்சத்துக்குள்தான் இருக்கிறது, ஒவ்வொருவரிடமும் அதற்கான தாளும் இருக்கிறது. ஆனால் p ≤ 8,00,000, q ≤ 8,00,000, r ≤ 8,00,000 என்ற மூன்று அசமன்பாடுகள் p + q + r ≤ 8,00,000 என்ற ஒரே அசமன்பாட்டுக்கு ஈடாகாது. முன்னவை மொத்தத்தை 24 லட்சம் வரை அனுமதிக்கின்றன. விதி கேட்பது பின்னதை. இந்தக் குடும்பத்தின் மொத்தம் ரூ. 8,30,000, ஆகவே தகுதி இல்லை. சம்பளச் சீட்டில் இருக்கும் மாதத் தொகையை ஆண்டு வரம்போடு ஒப்பிட்டுவிடுவதும் உண்டு. மாதம் ரூ. 66,000 என்றால் ஆண்டுக்கு ரூ. 7,92,000, வரம்புக்குள் வரும், மாதம் ரூ. 67,000 என்றால் ரூ. 8,04,000, வராது. மேலும், வயதை ஏப்ரல் 1 அன்றும், வருமானத்தை முந்தைய நிதியாண்டிலும், மதிப்பெண்ணைத் தேர்வு முடிந்தபோதும் அளக்கிறோம். மூன்றையும் விண்ணப்பிக்கும் நாளின் நிலையாக எண்ணிக்கொள்வதால், இந்த ஆண்டு வேலையை விட்டுவிட்டவர் தம் குடும்ப வருமானம் குறைந்துவிட்டதாகத் தவறாகக் கணக்கிடுகிறார்.

இனி மூன்று அசமன்பாடுகளும் சேர்ந்து நிற்கும் விதத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் கவலை தரும் தவறு இங்கேதான் இருக்கிறது. அசமன்பாடுகளின் தொகுப்பு என்பதன் பொருள், மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக வேண்டும் என்பது. ஒன்றில் நிறைய மிச்சம் இருப்பதைக் கொண்டு இன்னொன்றின் குறையை ஈடுசெய்ய முடியாது. இரண்டு விண்ணப்பதாரர்களை ஒப்பிடலாம். ஒருவர் 1990 ஏப்ரல் 1-இல் பிறந்தவர், குடும்ப வருமானம் சரியாக ரூ. 8,00,000, மதிப்பெண் 1500-க்கு 900. அவர் மூன்று எல்லைகளும் சந்திக்கும் மூலைப் புள்ளியில் நிற்கிறார். ஆயினும் தகுதி உடையவர். மற்றவர் 1990 மார்ச் 31-இல் பிறந்தவர், குடும்ப வருமானம் ரூ. 2,00,000, மதிப்பெண் 82 விழுக்காடு. ஏழ்மையிலும் திறமையிலும் முதலாமவரை விட இவருக்கே உதவி உரியது என்று மனம் சொல்லும். ஆனால் துல்லிய வயதின்படி இவர் வரம்பை ஒரு நாள் கடந்துவிட்டார், ஆகவே வெளியே. இந்த உதவித்தொகையில் வயது, வருமானம், மதிப்பெண் மூன்றையும் எடையிட்டுக் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கும் வழி எதுவும் தகுதி நிலையில் இல்லை.

இதன் மறுபக்கம், நிராகரிப்பை எழுதுவது. ‘மற்றும்’ என்பதன் மறுப்பு ‘அல்லது’ ஆக வேண்டும்:

```
a > 35  அல்லது  y > 800000  அல்லது  m < 60
```

இதை ‘மற்றும்’ கொண்டு எழுதினால், மூன்றிலும் தவறியவர் மட்டுமே நீக்கப்படுவார். ஒன்றிலோ இரண்டிலோ தவறியவர்கள் பட்டியலிலேயே தங்கிவிடுவார்கள். தகுதியிழக்கும் வழிகள் மொத்தம் ஏழு: ஒன்றில் மட்டும் தவறுவது மூன்று வழி, இரண்டில் தவறுவது மூன்று வழி, மூன்றிலும் தவறுவது ஒரு வழி. IF-க்குள் IF ஆக அடுக்கிய சூத்திரம் முதல் தவறைக் கண்டதும் நின்றுவிடுவதால், மாணவருக்கு ஒரு காரணம் மட்டும் சொல்லப்படுகிறது. அவர் வருமானச் சான்றிதழைச் சரிசெய்துகொண்டு மறுபடி வந்தால், மதிப்பெண்ணும் போதவில்லை என்று அப்போதுதான் தெரிகிறது. மூன்று நிபந்தனைகளுக்கும் மூன்று தனித்தனி நெடுவரிசைகள் வைத்து, முடிவை நான்காவது நெடுவரிசையில் AND கொண்டு எழுதுவதே மாணவருக்கு நாம் செய்யக்கூடிய நியாயம்.

பிரிவுவாரித் தளர்வு இருக்கும் திட்டங்களில் இந்த ‘மற்றும்’, ‘அல்லது’ இன்னும் நுட்பமாகிறது. எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வை எடுத்துக்கொள்வோம். பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ. 3,50,000-க்கு மிகாமலும், ஏழாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தது 55 விழுக்காடாகவும் இருக்க வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. இதை m ≥ 55 மற்றும் m ≥ 50 என்று எழுதினால், இரண்டும் உண்மையாக வேண்டுமென்பதால் m ≥ 55 மட்டுமே எஞ்சும், தளர்வு காணாமற்போகும். m ≥ 55 அல்லது m ≥ 50 என்று எழுதினால், எல்லாருக்குமே 50 போதும் என்றாகிவிடும். இரண்டும் தவறு, ஏனெனில் இரண்டிலும் மாணவரின் பிரிவு இடம்பெறவில்லை. பிரிவை c என்று குறித்து, தளர்வு உடையவருக்கு 1, மற்றவருக்கு 0 என்று கொண்டால் ஒரே வரி போதும்:

```
m ≥ 55 − 5c
y ≤ 350000
```

வருமான அசமன்பாட்டில் c இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தளர்வு மதிப்பெண்ணுக்கு மட்டுமே. 52 விழுக்காடு பெற்ற எஸ்.சி. மாணவியின் பெற்றோர் வருமானம் ரூ. 3,60,000 என்றால் அவர் தேர்வு எழுத இயலாது.

தகுதியையும் தேர்வாவதையும் ஒன்றாக்கிவிடுவது கடைசித் தவறு. அசமன்பாடுகளின் தீர்வுக் கணத்துக்குள் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில் ஓர் ஆண்டுக்கு இருப்பவை 125 இடங்கள். அவற்றில் 115 பட்டியல் சாதியினருக்கு, 6 சீர்மரபினர் மற்றும் நாடோடிப் பழங்குடியினருக்கு, 4 நிலமற்ற தொழிலாளர் மற்றும் கைவினைஞர் குடும்பங்களுக்கு. கணத்துக்குள் வந்தவர்களை வரிசைப்படுத்தும் விதிகள் வேறு. அவை வழிகாட்டு நெறிமுறையின் வேறு பத்திகளில் இருக்கின்றன. ஆகவே பட்டியலில் AND தரும் முடிவின் தலைப்பில் ‘தேர்வு’ என்று எழுதாமல், ‘விண்ணப்பிக்கத் தகுதி’ என்றே எழுத வேண்டும்.