குரோம்புக்கில் விபிஎன் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குரோம்புக்கில் விபிஎன் வேலை செய்யவில்லை என்று புலம்புபவர்களில் பலர் முதலில் பார்க்க வேண்டிய ஒன்றைப் பார்ப்பதே இல்லை. அந்தக் கருவியை யார் நிர்வகிக்கிறார்கள்? முகவரிப் பட்டையில் `chrome://management` என்று தட்டிப் பாருங்கள். கருவியையோ கணக்கையோ ஒரு நிறுவனம் நிர்வகித்தால் அங்கே தெரிந்துவிடும். இரண்டும் வேறு வேறு. கருவி உங்கள் சொந்தக் காசில் வாங்கியதாக இருந்தாலும், பள்ளிக் கணக்கில் நுழைந்தால் அந்தக் கணக்கின் விதிகள் கூடவே வரும். என்னென்ன விதிகள் என்பதை `chrome://policy` பக்கத்தில் படிக்கலாம். ஆண்ட்ராய்டு செயலிகள் முடக்கப்பட்டிருந்தால், பிளே ஸ்டோரில் விபிஎன் செயலி தேடுவது வீண்வேலை.

அடுத்த தவறு, நீட்சியை விபிஎன் என்று நம்புவது. குரோம் வெப் ஸ்டோரில் விபிஎன் என்ற பெயரில் கிடைக்கும் பல நீட்சிகள் வெறும் பிராக்சிதான், அதாவது பிரவுசரின் கோரிக்கைகளை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடுபவை. பிரவுசரில் திறக்கும் பக்கங்கள் அந்த வழியாகப் போகும். ஆண்ட்ராய்டு செயலிகள் பழைய வழியிலேயே போகலாம். பிரவுசரில் முகவரி மாறியதைப் பார்த்துவிட்டு எல்லாம் பாதுகாப்பாகப் போகிறது என்று எண்ணிவிடக் கூடாது. அலுவலக வேலை என்றால் குரோம்புக்கிலேயே இருக்கும் வசதிதான் என் தேர்வு: Settings, Network, Add connection, Add built-in VPN. ஓபன்விபிஎன், எல்2டிபி, ஐகேஇவி2, வயர்கார்டு ஆகிய விபிஎன் வகைகளை அங்கே அமைக்கலாம். பிபிடிபி என்ற பழைய வகை கிடையாது. பழைய சர்வர் வைத்திருக்கும் அலுவலகங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வயர்கார்டையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதில் தவறு செய்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. தனக்குத் தெரியாத சாவியோடு வருபவருக்கு வயர்கார்டு சர்வர் பதிலே சொல்லாது. இந்தச் சாவி, தனிச் சாவி, பொதுச் சாவி என்ற ஜோடியாக இருக்கும். அதைக் குரோம்புக்கிலேயே உருவாக்கினால், பொதுச் சாவியை அலுவலகத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டு மணிக்கணக்காகத் தேடுபவர்கள் நிறைய. அலுவலக நெட்வொர்க் 10.20 என்று தொடங்கும் முகவரிகளில் இருப்பதாக வைத்துக்கொண்டால், உங்களுக்குத் தரும் விவரத்தில் இப்படி இருக்கும்:

```
DNS = 10.20.0.2
Endpoint = vpn.example.com:51820
AllowedIPs = 10.20.0.0/16
```

எந்த முகவரிகளுக்கான போக்குவரத்து விபிஎன் வழியாகப் போக வேண்டும் என்பதைச் சொல்வது AllowedIPs. அந்த இடத்தில் `0.0.0.0/0` என்று போட்டால், வீட்டில் பார்க்கும் வீடியோ உட்பட எல்லாமே அலுவலகம் வழியாகப் போகும். அலுவலகம் அப்படித்தான் வேண்டும் என்றால் சரி, இல்லையென்றால் மேலே உள்ளதே போதும். இணைத்த பிறகு அலுவலகச் சர்வரை 10.20.0.5 என்ற எண்ணால் திறந்து பாருங்கள். எண்ணால் திறக்கிறது, பெயரால் திறக்கவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் வரியை நிரப்பவில்லை அல்லது தவறாக நிரப்பியிருக்கிறீர்கள். எண்ணாலும் திறக்கவில்லை என்றால் சாவியையும், சர்வரின் முகவரியைச் சொல்லும் Endpoint வரியையும் சரிபாருங்கள். அந்த வரியின் முடிவில் வரும் போர்ட் எண்ணை விட்டுவிடுவது வழக்கமான பிழை. அப்புறம் ஒரு சோதனை: கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அதில் வேலை செய்து பள்ளி வைஃபையில் செய்யவில்லை என்றால் உங்கள் அமைப்பில் குறை இல்லை. வயர்கார்டு யுடிபி என்ற நெறிமுறையில் ஓடுகிறது, அந்த வைஃபை அதைத் தடுக்கிறது என்பதே பெரும்பாலும் காரணம்.

இனி, மாணவர்கள் அதிகம் செய்யும் தவறு. பள்ளி தடுத்த தளத்தை விபிஎன் திறந்துவிடும் என்று நினைக்கிறார்கள். தடை வைஃபையில் மட்டும் இருந்தால் அந்த நினைப்புக்கு ஒரு காரணம் உண்டு. ஆனால் நிர்வகிக்கப்படும் குரோம்புக்கில் தடை பெரும்பாலும் பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. `URLBlocklist` என்ற விதி, பக்கத்துக்கான கோரிக்கை கருவியை விட்டு வெளியே போகும் முன்பே அதை நிறுத்திவிடும். கோரிக்கையே கிளம்பாதபோது அது எந்த வழியாகப் போகும் என்பதற்கு அர்த்தமில்லை. பள்ளி கட்டாயமாக நிறுவிய கண்காணிப்பு நீட்சியும் அப்படித்தான். நீங்கள் திறக்கும் பக்கத்தை அது பிரவுசருக்குள்ளிருந்தே பார்க்கிறது, விபிஎன்னின் குறியாக்கம் அதன் கண்ணை மறைக்காது.

இதற்கு வழி தேடி சிலர், கருவியை முழுவதுமாக அழித்து முதல் நிலைக்குக் கொண்டுவரும் பவர்வாஷ் செய்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் நிர்வாகத்தில் பதிவு செய்யப்பட்ட கருவி, அழித்த பிறகு இணையத்தில் சேர்ந்ததும் மறுபடியும் அதே நிறுவனத்தின் நிர்வாகத்துக்குள் போகும்படிதான் வழக்கமாக அமைத்திருப்பார்கள். போவது கருவியில் மட்டும் சேமித்திருந்த கோப்புகள்தான்.

அலுவலகக் கருவியில் விபிஎன் உண்மையிலேயே தேவைப்பட்டால், நிர்வாகியிடம் கேட்பதே குறுக்குவழி. கூகுள் அட்மின் கன்சோலிலிருந்து அவரால் விபிஎன் அமைப்பையே உங்கள் கணக்குக்கு அனுப்ப முடியும். அப்படி வந்ததை உங்களால் திருத்த முடியாது. எனவே கேட்கும்போதே எந்தச் சர்வர், எந்த வேலைக்கு, வீட்டிலிருந்தா வெளியூரிலிருந்தா என்பதை எழுதிக் கொடுங்கள்.