இனிப்பு லஸ்ஸிக்குப் புளித்த தயிர் ஆகாது

போன மே மாதம் ஏற்காட்டிலிருந்து சித்தி வீட்டார் சேலத்துக்கு வந்திருந்தார்கள். உச்சி வெயிலில் வந்து இறங்கியவர்களுக்கு இனிப்பு லஸ்ஸி கொடுக்கலாம் என்று, முந்தின இரவு ஒன்பது மணிக்கு உறை ஊற்றிய தயிரை எடுத்தேன். நன்றாகப் புளித்திருந்தது. சர்க்கரையைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நான்கு கரண்டி போட்டேன், அப்புறம் இன்னும் மூன்று. திகட்டியது. அதைக் குறைக்கத் தண்ணீர் ஊற்றினேன். சித்தி ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏண்டா, பானகத்துல தயிரைக் கலந்துட்டியா?" என்றார்.

லஸ்ஸியில் நடக்கிற தவறுகளில் பெரியது இதுதான். தயிரின் புளிப்பு அதிலுள்ள லாக்டிக் அமிலம். சர்க்கரை அதை எடுத்துவிடாது, நாக்குக்கு மறைத்துக் காட்டும், அவ்வளவுதான். அமிலம் அப்படியே இருக்க, மேலே இனிப்பு ஏறி உட்கார்ந்துகொள்ளும். போதாததற்கு, சர்க்கரை கரையக் கரையத் தயிரும் இளகும்.

கோளாறு உண்மையில் முந்தின இரவே தொடங்கிவிட்டது. சேலத்தில் கோடை இரவில் தயிர் நான்கைந்து மணி நேரத்தில் உறைந்துவிடும். விடிகிற வரை வெளியே இருந்தால் மிச்ச நேரமெல்லாம் புளிக்கிற நேரம். சித்தி வீட்டிலோ மார்கழியில் பாத்திரத்துக்குத் துணி சுற்றி வைத்தாலும் காலையில்கூடத் தயிர் தளதளவென்றுதான் இருக்கும். அதனால் மலையில் சரியாக வருகிற பக்குவம் கீழே வராது. இனிப்பு லஸ்ஸி போடுகிற நாளில் காலை ஆறு மணிக்கு உறை ஊற்றுங்கள். பாத்திரத்தைச் சாய்த்தால் தயிர் ஓடாமல் லேசாக ஆடுகிற பதம் வந்ததும் ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். குளிரில் புளிப்பு மெதுவாகத்தான் ஏறும், தயிரும் இறுகும். உறை ஊற்றுவதற்கு முன் பாலைப் பத்து நிமிடம் சிறு தீயில் கொதிக்க விட்டிருந்தால் தயிர் இன்னும் கெட்டியாக வரும்.

கையில் இருப்பது சற்றே புளித்த தயிர்தான் என்றால், இரண்டு கப் தயிரை மெல்லிய துணியில் கட்டி அரை மணி நேரம் தொங்கவிடுங்கள். வடிகிற தண்ணீரோடு அமிலத்தில் ஒரு பங்கும் போய்விடும். வடிந்த அளவுக்குக் காய்ச்சி ஆறவைத்துக் குளிரூட்டிய பாலை ஊற்றிக் கலந்து உடனே குடித்துவிட வேண்டும். இதுவும் சுமாரான புளிப்புக்குத்தான் சரிப்படும்.

அடுத்தது தண்ணீர். இனிப்பு லஸ்ஸிக்கு இரண்டு கப் தயிருக்குக் கால் கப் தண்ணீர் போதும், ஐஸ் உருகுவதையும் சேர்த்து. நாலைந்து கட்டி ஐஸ் போட்டால் அந்தக் கால் கப் அதிலேயே வந்துவிடும், தனியாகத் தண்ணீர் தேவையில்லை. பலரும் முதலில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பிறகு ஐஸையும் போடுகிறார்கள். கடைசி மிடறில் வெறும் வெள்ளைத் தண்ணீர்தான் மிஞ்சும். தயிரையும் நான்கு கரண்டி சர்க்கரையையும் முதலில் கடைந்து, சர்க்கரை கரைந்த பிறகு கெட்டியைப் பார்த்துவிட்டு மற்றதைச் சேருங்கள்.

மிக்ஸியில் விட்டு விட்டு நாலைந்து சுற்று போதும். தயிரின் கெட்டித்தன்மை அதன் உறைந்த கட்டமைப்பில்தான் இருக்கிறது. அதைச் சுக்கு நூறாக்கினால் திரும்ப வராது. கொழுப்பு மிகுந்த எருமைத் தயிராக இருந்தால், அதிக நேரம் ஓடவிட்டால் வெண்ணெய் திரண்டு மேலே மிதக்கும். பஞ்சாபில் மத்தால் கடைவார்கள். நம் வீட்டு மோர் மத்தே போதும்.

உப்பு லஸ்ஸிக்குக் கணக்கு தலைகீழ். இங்கே புளிப்புதான் ருசி. புளிக்காத தயிரில் உப்பைப் போட்டால் சப்பென்று இருக்கும். தண்ணீரும் தாராளமாகத் தாங்கும்: இரண்டு கப் தயிருக்கு ஒரு கப், தயிர் ரொம்பப் புளித்திருந்தால் ஒன்றரை. அதைத் தாண்டி இரண்டு, மூன்று பங்கு தண்ணீர் விட்டால் அது நீர்மோர். அதுவும் நல்லதுதான், ஆனால் லஸ்ஸி இல்லை. உப்பை முதலில் அரைத் தேக்கரண்டி போட்டு, தண்ணீர் கலந்த பிறகு ருசி பார்த்துக் கூட்டலாம். முதலிலேயே தயிரின் கெட்டியை நம்பிப் போட்டால் கை தவறும். வறுத்துப் பொடித்த சீரகம் அரைத் தேக்கரண்டி போதும். பச்சைச் சீரகம் போட்டால் மண் வாசனை அடிக்கும்.

அன்று மிச்சமிருந்த தயிரில் இப்படி உப்பு லஸ்ஸி போட்டேன். சித்தி இரண்டு டம்ளர் குடித்தார். மூன்றாவது டம்ளர் அரை மணி நேரம் நின்றதில் தண்ணீர் மேலே, தயிர் அடியில் என்று பிரிந்திருந்தது. கெட்டுப்போனது என்று கொட்டப் போனவர் கையைப் பிடித்து, ஒரு கலக்குக் கலக்கிக் கொடுத்தேன்.